நோட்டு வரியிலிருந்து கேள்வி அட்டை வரை: சாட்பாட்டை வைத்துச் செய்த ஒரு வேலை

தங்கையின் உயிரியல் நோட்டு முழுக்கக் கையெழுத்துக் குறிப்புகள். அதைக் கேள்வி அட்டைகளாக மாற்றி, இடைவெளி விட்டு விட்டுத் திருப்பிப் படிக்கிற அட்டவணையும் போடும் வேலையைச் சாட்பாட்டின் துணையோடு செய்து முடித்தோம். "இந்தப் பக்கத்துக்கு அட்டை போட்டுக் கொடு" என்று கேட்டால் அரை நிமிடத்தில் வந்து விழுந்துவிடும். அந்த அட்டைகளில் எது நோட்டில் இருந்தது, எது சாட்பாட் தன் சொந்தச் சரக்கிலிருந்து சேர்த்தது என்பதுதான் பார்த்தவுடன் தெரியாது. இரண்டும் ஒரே நடையில், ஒரே தன்னம்பிக்கையோடு எழுதப்பட்டிருக்கும்.

சேர்த்தது சரியான தகவலாகவே இருக்கலாம். ஆனாலும் தொல்லைதான். வகுப்பில் படிக்காத, புரியாத ஒன்று அட்டையாக வந்தால் மாணவர் அதை வெறும் ஒலியாக மனப்பாடம் செய்வார், அல்லது திரும்பத் திரும்ப மறப்பார். அதனால் முதலிலேயே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: ஒவ்வொரு அட்டையும் தான் எந்த நோட்டு வரியிலிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். காட்ட முடியாத அட்டைக்கு இடமில்லை. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்த கதைதான். சிறுநீர் உருவாகும் விதம் பற்றிய பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் ஒன்றோடொன்று குழம்பக்கூடிய சங்கதிகள் அதில்தான் அதிகம்.

முதல் படி, கையெழுத்தை எழுத்துக்கு எழுத்து தட்டச்சு வடிவத்துக்குக் கொண்டுவருவது. படம் எடுத்துக் கொடுத்தால் இப்போதைய சாட்பாட்டுகள் தமிழ்க் கையெழுத்தையும் ஓரளவு படித்துவிடுகின்றன. ஆனால் படிப்பதையும் அட்டை போடுவதையும் ஒரே கோரிக்கையில் கேட்கக் கூடாது. சேர்த்துக் கேட்டால் எழுத்து புரியாத இடத்தில் அது தனக்குத் தெரிந்ததை வைத்து நிரப்பிவிடும். அந்த ஒட்டுப்போட்ட இடம் அட்டைக்குள் மறைந்துபோகும். தனியாக எழுதித் தரச் சொல்லி, வாசிக்க முடியாத இடத்தில் [?] போடச் சொன்னால், எங்கே பார்க்க வேண்டும் என்று நமக்குத் தெரியும்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. சிறுநீரக நுண்குழலின் ஒரு பகுதியான ஹென்லே வளைவைப் பற்றிய வரியில் தங்கை இறங்கு தூம்பையும் ஏறு தூம்பையும் மாற்றி எழுதி வைத்திருந்தாள். உண்மையில் இறங்கு தூம்பின் சுவர் நீரை வெளியே விடும், உப்பை விடாது. ஏறு தூம்பு நீரை விடாது, உப்பை வெளியே அனுப்பும். சாட்பாட் எழுதித் தந்த வடிவத்தில் அது சரியாக இருந்தது! நோட்டையும் திரையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோதுதான் அது சத்தமில்லாமல் திருத்தியிருப்பது தெரிந்தது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் நோட்டில் தப்பு அப்படியே இருக்கிறது. தேர்வுக்கு முந்தைய இரவு அவள் புரட்டப் போவது அந்த நோட்டைத்தான். அட்டை ஒன்று சொல்லும், நோட்டு வேறொன்று சொல்லும்.

அதனால் வேலையை இரண்டாகப் பிரித்தோம். முதலில், "உள்ளதை உள்ளபடி எழுது, எதையும் திருத்தாதே, வரிக்கு எண் போடு". அடுத்த கோரிக்கையில், "இதில் உனக்குச் சந்தேகமான வரிகளின் எண்ணையும் காரணத்தையும் மட்டும் சொல், வரிகளை மாற்றாதே". ஹென்லே வரி இப்போது சந்தேகப் பட்டியலில் வந்தது. "நெஃப்ரான்கள் சுமார் 10 லட்சம்" என்ற வரியையும் அது பிடித்தது. ஒரு சிறுநீரகத்திலா, இரண்டிலும் சேர்த்தா என்று தெளிவில்லையாம். நியாயமான கேள்விதான், ஒரு சிறுநீரகத்தில்தான் அத்தனை. இரண்டு வரிகளையும் அவள் பாடப்புத்தகத்தில் பார்த்து, நோட்டிலேயே பேனாவால் திருத்தினாள். சாட்பாட் சந்தேகப்படுவதெல்லாம் தப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. புத்தகத்தில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று அது சுட்டிக்காட்டினால் போதும்.

திருத்திய பிறகு அந்தப் பக்கத்தின் ஒரு பகுதி இப்படி இருந்தது:

```
3. வடிகட்டுதல் - குளோமருலஸில். நிமிடத்துக்கு 125 மிலி
4. ஒரு நாளுக்கு 180 லி. வெளியேறும் சிறுநீர் 1.5 லி
5. அண்மை சுருள் நுண்குழல் - குளுக்கோஸ் முழுதும் மீள உறிஞ்சப்படும்
6. இறங்கு தூம்பு - நீர் வெளியேறும், உப்பு போகாது
7. ஏறு தூம்பு - உப்பு வெளியேறும், நீர் போகாது
8. ஏடிஹெச் - சேகரிப்பு நாளம், நீர் மீள உறிஞ்சல் கூடும்
9. ஆல்டோஸ்டீரோன் - சோடியம் மீள உறிஞ்சல் கூடும்
```

அட்டை கேட்கும் கோரிக்கையை நீட்டி முழக்கத் தேவையில்லை. நாலைந்து கட்டளை போதும், ஆனால் ஒவ்வொன்றும் எதையோ தடுப்பதற்காக இருக்க வேண்டும். கடைசியில் நிலைத்த வடிவம் இது:

```
கீழே உள்ள எண்ணிட்ட வரிகளிலிருந்து மட்டும் அட்டைகள் எழுது.
ஒரு அட்டைக்கு ஒரே ஒரு விடை; விடை 12 சொற்களைத் தாண்டக் கூடாது.
ஆம்/இல்லை கேள்வியும் இரண்டில் ஒன்று கேள்வியும் வேண்டாம்.
வடிவம்: கேள்வி|விடை|ஆதார வரியின் சொற்கள் அப்படியே
கடைசியில், அட்டை போடாத வரிகளின் எண்களைச் சொல்.
```

அட்டையின் மூன்றாவது பகுதியில் வரி எண்ணைக் கேட்காமல் வரியின் சொற்களையே கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எண்ணை மட்டும் கேட்டபோது ரெனின் பற்றி ஒரு அட்டை வந்தது. ஆதாரம், வரி 9. அந்த வரியில் ஆல்டோஸ்டீரோன் இருக்கிறது, ரெனின் இல்லை. தங்கை பார்த்தவுடனே, "அக்கா, இதை நான் எழுதவே இல்லையே" என்றாள். பொருத்தமில்லாத எண்ணைப் போடுவது அதற்குச் சுலபம். சொற்களை அப்படியே எடுத்துத் தரச் சொன்னால், இல்லாத சொற்களை அது இட்டுக்கட்ட வேண்டிவரும், அதைத் தேடிப் பிடிக்க நம்மால் முடியும்.

தேடுவதைக் கையால் செய்ய வேண்டியதில்லை. அட்டைகளை ஒரு விரிதாளின் இரண்டாவது வரிசையிலிருந்து ஒட்டி, `|` குறி வரும் இடத்தில் மூன்று நிரல்களாகப் பிரித்து, `notes` என்ற தனித் தாளின் A1 கட்டத்துக்குள் நோட்டு முழுவதையும் போட்டு, பக்கத்து நிரலில் இந்தச் சூத்திரத்தை இழுத்துவிட்டால் போதும்:

```
=ISNUMBER(FIND(C2,notes!$A$1))
```

`FALSE` வந்த அட்டைகளை மட்டும் கண்ணால் பார்த்தோம். தமிழில் இதற்கு ஒரு குறுக்குச்சால் உண்டு. "கொ" போன்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் சூத்திரம் இரண்டையும் வேறுவேறு என்று சொல்லும். ஆகவே `FALSE` என்றதும் அட்டையைத் தூக்கி எறியாமல் ஒருமுறை வாசித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. சொற்கள் பொருந்தி `TRUE` வந்துவிட்டால் கேள்வியும் விடையும் அந்த வரிக்கு உண்மையாக இருக்கின்றன என்றும் ஆகாது. அதை மனிதக் கண்தான் பார்க்க வேண்டும். தங்கை ஒவ்வொரு அட்டையையும் வாசித்து வைத்துக்கொள் அல்லது விடு என்று முடிவு செய்தாள். அந்த வாசிப்பிலேயே பாதிப் பாடம் திரும்பிவிட்டது என்பது வேறு விஷயம்.

கோரிக்கையின் கடைசி வரியைப் பலரும் விட்டுவிடுவார்கள். அட்டை வந்த வரிகளைச் சரிபார்க்கிறோம், அட்டையே வராத வரிகளை யார் பார்ப்பது? நீளமான நோட்டைக் கொடுத்தால் நடுப்பகுதியை மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போகும் பழக்கம் சாட்பாட்டுக்கு உண்டு. ஒரு நேரத்தில் ஒரு பக்கம், இருபது வரிக்குள் என்று கொடுத்தால் இது வெகுவாகக் குறைகிறது.

சரி, அட்டைகளின் தரத்துக்கு வருவோம். முதல் சுற்றில் வந்ததில் மோசமானது இது: "ஹென்லே வளைவின் பணி என்ன?" விடை மூன்று வரி. இப்படிப்பட்ட அட்டையில் பாதி நினைவுக்கு வரும், பாதி வராது. சரி என்று போடுவதா, தப்பு என்று போடுவதா என்று மாணவர் தவிப்பார். உடைத்துத் தரச் சொன்னால், "இறங்கு தூம்பு வழியாக எது வெளியேறும், நீரா உப்பா?" என்று வந்தது. அதைவிட மோசம். இரண்டில் ஒன்று என்றால் குருட்டாம்போக்கில் சொன்னாலும் பாதி நேரம் சரியாகிவிடும். அதனால்தான் மேலே உள்ள கோரிக்கையில் அந்தத் தடை வந்தது. தடை போட்ட பிறகு காரணம் கேட்கிற கேள்விகளாக மாற்றச் சொன்னோம்:

```
இறங்கு தூம்பில் கீழே போகப் போக வடிதிரவம் ஏன் அடர்த்தியாகிறது?|நீர் வெளியேறுகிறது, உப்பு உள்ளேயே தங்குகிறது|இறங்கு தூம்பு - நீர் வெளியேறும், உப்பு போகாது
ஏறு தூம்பில் மேலே போகப் போக வடிதிரவம் ஏன் நீர்த்துப்போகிறது?|உப்பு வெளியேறுகிறது, நீர் வெளியேற முடியாது|ஏறு தூம்பு - உப்பு வெளியேறும், நீர் போகாது
```

இந்த இரண்டு அட்டைகளும் ஒன்றையொன்று காவல் காக்கின்றன. ஒன்றை மாற்றிச் சொன்னால் மற்றதற்கு விடையே பொருந்தாது. அவள் நோட்டில் இடம் மாறியிருந்த அதே சங்கதிதான் இது.

எண்கள் வரும் இடத்தில் சாட்பாட் தாராளமாக அட்டை போடுகிறது. நிமிடத்துக்கு 125 மிலி ஒரு அட்டை, நாளுக்கு 180 லிட்டர் ஒரு அட்டை, எவ்வளவு சதவீதம் மீள உறிஞ்சப்படுகிறது என்று இன்னொன்று. யோசித்தால் 125ஐ 60ஆலும் 24ஆலும் பெருக்கினால் 1,80,000 மிலி, அதாவது 180 லிட்டர். அதில் சிறுநீராக வெளியேறுவது 1.5 லிட்டர், நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. எனவே 99 சதவீதத்துக்கு மேல் திரும்ப உறிஞ்சப்படுகிறது என்பது தானாக வந்துவிடும். மனப்பாடம் செய்ய வேண்டியவை 125, 1.5 என்ற இரண்டு எண்கள்தான். மற்றவற்றைக் கணக்காகக் கேட்கும் ஒரே அட்டை போதும். எதிலிருந்து எதை வருவிக்கலாம் என்று பார்த்து அட்டையைக் குறைக்கும் வேலையைச் சாட்பாட் தானாகச் செய்யாது, நாம்தான் செய்ய வேண்டும். நோட்டு முழுக்க இப்படிக் கழித்தபோது மீதி நின்றவை 240 அட்டைகள்.

இவற்றை ஆன்கி என்ற இலவசச் செயலிக்குள் ஏற்றினோம். சாட்பாட்டிலிருந்து நகல் எடுக்கும்போது டேப் இடைவெளி சாதாரண இடைவெளியாக மாறிப்போகும், காற்புள்ளியோ விடைக்குள்ளேயே வரும். அதனால்தான் நடுவே `|` குறி. கோப்பைச் சாதாரண எழுத்துக் கோப்பாக, UTF-8 வடிவில் சேமித்து, தலையில் இந்த வரிகளைப் போட வேண்டும்:

```
#separator:Pipe
#html:false
#notetype:நோட்டு அட்டை
#deck:உயிரியல்::சிறுநீரகம்
```

ஆன்கியின் வழக்கமான `Basic` வகையில் முன், பின் என இரண்டு புலங்கள்தான் இருக்கும். அதை நகலெடுத்து "நோட்டு அட்டை" என்று பெயரிட்டு, ஆதாரத்துக்கு மூன்றாவது புலம் சேர்த்து, விடைப் பக்கத்தில் சின்ன எழுத்தில் அது தெரியும்படி வைத்தோம். தப்பாகச் சொல்லும்போது அந்த வரி கண்ணில் பட்டு, நோட்டின் எந்த இடம் என்று ஞாபகம் வரும். இன்னொன்று: கோப்பைத் திரும்ப ஏற்றினால் முதல் புலம், அதாவது கேள்வி, ஒரே மாதிரி இருக்கும் அட்டை புதுப்பிக்கப்படும், கேள்வியின் சொற்களை மாற்றியிருந்தால் புதிய அட்டையாகச் சேரும், பழையதும் அப்படியே இருக்கும். அதனால் ஏற்றிய பிறகு கேள்வியில் செய்யும் திருத்தங்களைச் செயலிக்குள்ளேயே செய்துகொள்வது தேவலை.

அப்புறம் அட்டவணை. தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. சாட்பாட்டிடம் அட்டவணை கேட்டால் அழகான நாள்காட்டி தருகிறது: 1, 3, 7, 14 நாள் இடைவெளிகளில் திருப்புதல். அதை அப்படியே பின்பற்றலாமா? கூடாது என்பது என் முடிவு. தேதிக்கும் கிழமைக்கும் பொருந்தாமல் எழுதிவிடுவது சின்னக் குறை. பெரிய குறை, எல்லா அட்டைக்கும் ஒரே நாள்காட்டி என்பது. குளுக்கோஸ் எங்கே உறிஞ்சப்படுகிறது என்பது முதல் நாளே பதிந்துவிடும். ஏடிஹெச், ஆல்டோஸ்டீரோன் என்ற இரண்டு ஹார்மோன்களின் வேறுபாடு பதியாது. இரண்டையும் ஒரே நாளில் திருப்புவதில் நேரம்தான் வீண். தினமும் "இன்று எதைப் படிக்கணும்?" என்று சாட்பாட்டிடம் கேட்பதும் வேண்டாம். நேற்று எதைத் தவறவிட்டாள் என்பதை அட்டை அட்டையாக அது நம்பகமாகக் கணக்கு வைத்திருக்காது.

அட்டைக்கு அட்டை தனி இடைவெளி வைக்கும் வேலையை ஆன்கியிடமே விட்டோம். ஒரு நாளைக்கு எத்தனை புதிய அட்டை என்ற எண்ணை மட்டும் நாமே கணக்கிட்டு முடிவு செய்ய வேண்டும். நாளுக்கு 15 புதிய அட்டை என்று வைத்தால், பதினைந்தாவது நாளில் அன்றைய 15 தவிர, முந்தைய நாள், மூன்று நாள் முன், ஏழு நாள் முன், பதினான்கு நாள் முன் படித்தவையும் வந்து நிற்கும். 15ஐ 5ஆல் பெருக்கினால் 75. தவறியவை திரும்ப வருவது தனி. முதல் வாரம் சுலபமாகத் தோன்றி, மூன்றாவது வாரம் ஆளை அமுக்குவது இதனால்தான். நாங்கள் பின்னாலிருந்து கணக்குப் போட்டோம். கடைசி இரண்டு வாரம் புதிய அட்டையே வேண்டாம், வெறும் திருப்புதல். மீதி 28 நாளில் 240 அட்டை என்றால் நாளுக்கு எட்டரைச் சொச்சம், 9 என்று வைத்துக்கொண்டோம். ஐந்தால் பெருக்கினால் 45 அட்டை. ஒன்றுக்குப் பத்து நொடி என்றால் எட்டு நிமிடத்துக்குள் முடியும், தவறியவற்றுக்கு இன்னொரு ஐந்து நிமிடம். மற்ற பாடங்களும் இருக்கின்றன அல்லவா, இந்த அளவுதான் தாங்கும். ஆன்கியில் `New cards/day` வழக்கமாக 20 என்று இருக்கும், அதை 9 ஆக்கினோம். `FSRS` என்ற கணிப்பு முறையை இயக்கி, `Desired retention` 0.90 என்பதை அப்படியே விட்டோம். அதை 0.97க்கு ஏற்றினால் நினைவில் நிற்பது சற்றுக் கூடும், தினசரி அட்டைகளோ அதைவிடப் பல மடங்கு வேகமாகப் பெருகும்.

செயலி வேண்டாம், விரிதாளே போதும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. B நிரலில் கடைசியாகப் பார்த்த தேதி, C நிரலில் நிலை. சரியாகச் சொன்னால் நிலையை ஒன்று கூட்டு, தப்பானால் பூஜ்யமாக்கு. அடுத்த தேதி:

```
=B2+CHOOSE(MIN(C2,3)+1,1,3,7,14)
```

தேதி வாரியாக வரிசைப்படுத்தினால் இன்றைய அட்டைகள் மேலே வந்துவிடும். முறை பழையது, செபாஸ்டியன் லைட்னர் 1970களில் அட்டைப் பெட்டிகளை வைத்துச் சொன்னதன் எளிய வடிவம்தான்.

ஓட ஆரம்பித்த பிறகு கவனிக்க வேண்டியது பொத்தான்கள். ஆன்கியில் `Again`, `Hard`, `Good`, `Easy` என நான்கு. விடை மறந்துபோனால் `Again`தான். தங்கைக்கு அதை அமுக்க மனசு வரவில்லை. மறந்தபோதும் `Hard` அமுக்கிக்கொண்டிருந்தாள். `Hard` என்பது கஷ்டப்பட்டாவது சரியாகச் சொன்னதற்கு. மறந்ததற்கு அதை அமுக்கினால் அட்டை நினைவில் இருப்பதாகச் செயலி எடுத்துக்கொண்டு இடைவெளியை நீட்டும். ஒரே அட்டை வாரக்கணக்கில் தள்ளிப்போய், வரும்போதெல்லாம் மறந்திருந்தால் இதுதான் காரணம் என்று சந்தேகப்படலாம். "சரி என்றால் `Good`, தப்பு என்றால் `Again`, மற்ற இரண்டையும் மறந்துவிடு" என்று சொன்ன பிறகு தீர்ந்தது.

சில அட்டைகள் என்ன செய்தாலும் ஒட்டாது. எட்டு முறை மறந்த அட்டைக்கு ஆன்கி வழக்கமாக `leech` என்று முத்திரை குத்திவிடும். இந்த இடத்தில்தான் சாட்பாட் மறுபடி பயன்பட்டது. எட்டு முறை வரை காத்திருக்காமல், வாரம் ஒருமுறை அதிகம் தவறிய அட்டைகளை அவற்றின் ஆதார வரியோடு எடுத்து, அவள் சொன்ன தப்பு விடையையும் சேர்த்துக் கொடுத்தோம். தப்பு விடையைச் சேர்ப்பது முக்கியம். எது எதோடு குழம்புகிறது என்று தெரிந்தால்தான் கேள்வியை வேறு மாதிரி எழுத முடியும். "ஏடிஹெச்சின் பணி என்ன?" என்பதற்கு அவள் சொன்னது, "சோடியத்தை மீள உறிஞ்சும்". அதாவது ஆல்டோஸ்டீரோனின் வேலை. நோட்டு வரிகள் 8, 9 இரண்டையும் கொடுத்து, இரண்டையும் பிரித்துக் காட்டும் சூழ்நிலைக் கேள்வி கேட்டபோது வந்தவற்றில் அவள் வைத்துக்கொண்டது இது: "ஒருவருக்கு ஏடிஹெச் சுரக்கவே இல்லை. சிறுநீரின் அளவு என்னவாகும், ஏன்?" விடை: மிக அதிகமாகும், சேகரிப்பு நாளத்தில் நீர் மீள உறிஞ்சப்படாது. பழைய அட்டையை நீக்கிவிட்டோம். இரண்டையும் வைத்திருந்தால் பழைய குழப்பமும் கூடவே பயிற்சி பெறும்.

இந்த முறைக்குள் அடங்காதது படம்தான். நெஃப்ரானை வரைந்து பாகம் குறிப்பதைச் சொற்களால் கேட்டால் செயற்கையாக இருக்கிறது, சாட்பாட் வரைந்து தரும் படத்தில் பெயர்க்கோடுகள் தப்பான பாகத்தைத் தொடுகின்றன. அவள் நோட்டில் வரைந்த படத்தையே புகைப்படமாக ஏற்றி, ஆன்கியில் உள்ள `Image Occlusion` வகையில் ஒவ்வொரு பெயரையும் மூடி வைத்தோம். ஒரே படம், ஏழு மூடிகள், ஏழு அட்டைகள். அந்த வேலையில் சாட்பாட்டுக்குப் பங்கே இல்லை.